விளம்பரமே வராத வேலைக்கு ரெக்ரூட்டருக்கு மெயில் அனுப்புவது எப்படி?

நீங்கள் சேர விரும்பும் நிறுவனத்தின் கேரியர்ஸ் பக்கத்தில் உங்களுக்கான வேலை இல்லை. லிங்க்ட்இன்னிலும் இல்லை, நௌக்ரியிலும் இல்லை. ஆனால் அங்கே இருக்கும் ரெக்ரூட்டரின் மெயில் ஐடி கிடைத்துவிட்டது. ரெஸ்யூமை இணைத்து, "பொருத்தமான வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்" என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறீர்கள். பதில் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, ரெக்ரூட்டரின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு காலியிடத்துக்கும் 'ரெக்விசிஷன்' என்ற ஓர் ஒப்புதல் எண் இருக்கும். எந்தக் குழு, என்ன பதவி, எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். ரெக்ரூட்டரின் வேலை இந்த எண்களை நிரப்புவது. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தால் உங்கள் ரெஸ்யூம் தானாகவே ஓர் எண்ணின் கீழ் போய் உட்கார்ந்துவிடும். விளம்பரமில்லாமல் வரும் மெயிலுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. இதை எங்கே பொருத்துவது என்று அவரே யோசிக்க வேண்டும். அந்த யோசனையை அவருக்கு விட்டுவைத்த மெயில்கள்தான் இன்பாக்ஸில் கிடந்து அடியில் போகின்றன.

விளம்பரம் இல்லாவிட்டால் வேலையும் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐடி துறையில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சகஜம். ஒருவர் இன்று ராஜினாமா செய்தால், அவர் இடத்துக்கு ஆள் வேண்டும் என்பது அவருடைய மேனேஜருக்கு இன்றே தெரியும். ஆனால் ஒப்புதல் கைமாறிக் கைமாறி, விளம்பரமாக வெளியே வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். சில இடங்கள் ஊழியர்களின் ரெஃபரல் வழியாக அதற்குள் நிரம்பியும் விடும். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் நிறுவனங்களில் புதிய பணியிடங்களுக்கான பேச்சு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். இன்னும் சில பதவிகளில், இருப்பவரை மாற்றப்போவது அவருக்கே தெரியக் கூடாது என்பதால் விளம்பரமே வராது.

இந்த இடைவெளியில் என்ன தேவை இருக்கிறது என்பது முதலில் மேனேஜருக்குத்தான் தெரியும். அதனால் உங்கள் மெயிலை ரெக்ரூட்டர் படித்தால் மட்டும் போதாது. "இவரைப் பாருங்களேன்" என்று ஒரே வரி சேர்த்து மேனேஜருக்கு அவர் ஃபார்வர்டு செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி மெயில் இருக்க வேண்டும்.

மெயிலில் என்ன எழுதுவது?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். புனேவில் ஒரு ஈ-காமர்ஸ் நிறுவனத்தில் 4 வருடமாக டேட்டா அனலிஸ்டாக இருப்பவர், பெங்களூருவில் உள்ள ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கு எழுதுகிறார். சப்ஜெக்ட் வரி இப்படி:

```
Data Analyst | 4 yrs | SQL, Power BI | Pune to Bengaluru | 60 days
```

பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்த ரெக்ரூட்டர் தன் மெயில்பெட்டியில் பவர் பிஐ என்று தேடினால் இந்த மெயில் வரும். "வேலைக்கான விண்ணப்பம்" என்று சப்ஜெக்ட் வைத்தால், அதே தலைப்பில் வந்த நூறு மெயில்களோடு சேர்ந்துதான் வரும்.

மெயில் ஆங்கிலத்தில் போகும். அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால்:

"உங்கள் நிறுவனம் ஹூப்ளியிலும் மைசூருவிலும் புதிய கிடங்குகளைத் திறந்திருக்கும் செய்தியைப் பார்த்தேன். டெலிவரி தாமதத்தைக் கண்காணிக்கும் அனலிட்டிக்ஸ் குழுவில் டேட்டா அனலிஸ்ட் அல்லது சீனியர் அனலிஸ்ட் தேவை வந்தால் என்னைப் பரிசீலிக்கக் கேட்டு எழுதுகிறேன். இப்போதைய வேலையில், வாரம் ஒருமுறை எக்ஸெலில் கையால் தயாரித்த தாமத ரிப்போர்ட்டை தினமும் காலையில் தானாக வரும் டேஷ்போர்டாக மாற்றினேன். கிடங்கு மேனேஜர்கள் அன்றைய வண்டிகளை அதைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். பெங்களூருவுக்கு மாறத் தயார், நோட்டீஸ் 60 நாள். தற்போது இடம் இல்லையென்றால், இந்தக் குழுவுக்கு ஆள் எடுப்பவர் யார் என்று தெரிவித்தாலும் உதவியாக இருக்கும்."

அவ்வளவுதான். ஃபோனில் ஸ்க்ரோல் செய்யாமல் கிட்டத்தட்ட முழுதும் தெரியும். இதில் முக்கியமான காரியம், பதவியின் பெயரை அவரே சொல்லிவிட்டது. "எந்த வேலையானாலும் சரி" என்று எழுதுவது பணிவு மாதிரித் தோன்றும்; ரெக்ரூட்டருக்கு அது தலைவலி. இரண்டு பதவிப் பெயர்கள் வரை சொல்லலாம், அதற்கு மேல் போனால் எதிலும் நிற்காது. கிடங்கு பற்றிய வரியும் புகழ்ச்சிக்காக இல்லை. இப்போது ஏன் எழுதுகிறார், எந்தக் குழுவுக்கு எழுதுகிறார் என்பதற்கு அதுதான் காரணம் சொல்கிறது. அதே வரியை வேறு நிறுவனத்தின் பெயருக்கும் அப்படியே பொருத்த முடிந்தால், அதை எடுத்துவிடுங்கள்.

நோட்டீஸ் பீரியடை முதல் மெயிலிலேயே சொல்லிவிடுவது நல்லது, எப்படியும் முதல் கேள்வி அதுதான். ஏற்கெனவே ராஜினாமா செய்திருந்தால் கடைசி வேலை நாளைத் தேதியாகவே போடுங்கள். சிடிசி எவ்வளவு என்பதைக் கேட்கும்வரை எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் பதவியே முடிவாகாத நேரத்தில் உங்கள் பழைய சம்பளம் பேச்சின் தொடக்கப் புள்ளியாகிவிடும்.

ரெஸ்யூமை பிடிஎஃப்பாக அனுப்புங்கள். ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். `resume_final_v3.pdf` என்பது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே அர்த்தமுள்ள பெயர். அனுப்பும் முன் ஒரு சின்ன சோதனை: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து எதுவும் வரவில்லை என்றால் அது படமாக சேவ் ஆகியிருக்கிறது. இரண்டு பத்தி டிசைன் என்றால் வரிகள் கலந்துகட்டி வரலாம். நிறுவனத்தின் மென்பொருளுக்கும் உங்கள் ரெஸ்யூம் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். ஆதார், பான், சம்பளச் சீட்டு எதையும் இந்தக் கட்டத்தில் இணைக்க வேண்டாம். ஆஃபீஸ் மெயில் ஐடியிலிருந்து அனுப்பவும் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எதிரே இருப்பவர் கன்சல்டன்ட் என்றால்?

வெளி ஏஜென்சியின் ரெக்ரூட்டருக்குக் கணக்கு வேறு. நீங்கள் சேர்ந்தால், ஆள் எடுத்த நிறுவனம் அவர்களுக்குக் கட்டணம் தரும். அது பெரும்பாலும் உங்கள் வருடச் சம்பளத்தில் ஒரு சதவீதமாக இருக்கும். அதனால் அவர் உங்கள் ரெஸ்யூமைப் பல இடங்களுக்கு அனுப்பத் தயங்க மாட்டார். அது நல்லதுதானே என்று தோன்றலாம். சிக்கல் எங்கே என்றால், ஒரே நிறுவனத்துக்கு நீங்கள் நேரடியாகவும் அவர் தன் பங்குக்கும் ரெஸ்யூமை அனுப்பும்போது. உங்களைக் கொண்டுவந்தது யார் என்ற தகராறு வரும். அந்தத் தலைவலிக்கு அஞ்சி நிறுவனம் உங்களையே ஒதுக்கிவைக்கலாம். ஆகவே கன்சல்டன்டுக்கு எழுதும் மெயிலில், "என்னைக் கேட்காமல் எந்த நிறுவனத்துக்கும் ரெஸ்யூமை அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எந்த நிறுவனத்துக்கு யார் வழியாகப் போனது என்று உங்கள் பக்கமும் ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று உங்களிடம் பணம் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே மெயில் தொடரில் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். புதிய மெயிலாக அனுப்பினால் பழைய ரெஸ்யூமை அவர் தேட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் ஏதாவது மாறும்போது, உதாரணமாக 60 நாள் நோட்டீஸ் 15 நாளாகக் குறைந்திருக்கும்போது, அதே தொடரில் அந்தத் தேதியோடு மறுபடி எழுதலாம். அவசரமாக ஆள் தேடும் ரெக்ரூட்டர் முதலில் பார்ப்பது சீக்கிரம் சேரக்கூடியவர்களைத்தான்.