கோலாரின் மக்கள்தொகை குறைந்ததா?

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பின்படி 25.36 லட்சம் பேர் வாழ்ந்தனர், 2011இல் 15.36 லட்சம் பேர். பத்தாண்டுகளில் மக்கள்தொகை 39 விழுக்காடு சரிந்ததுபோல் தோன்றும். சுருங்கியது மாவட்டத்தின் பரப்பே. 2007இல் அதன் பதினொரு வட்டங்களுள் ஆறு பிரிக்கப்பட்டுச் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் உருவானது.

ஒப்பிடுவதற்கு முன் எந்த ஆண்டின் எல்லையை நிலையாகக் கொள்வது என முடிவு செய்தல் வேண்டும். கணக்கெடுப்புத் துறை புதிய எல்லையைக் கொண்டு பழைய எண்ணிக்கையைத் திருத்துகிறது. கோலாரில் எஞ்சிய ஐந்து வட்டங்களின் 2001 மக்கள்தொகையைக் கூட்டினால் 13.87 லட்சம். ஆகவே உண்மையான மாற்றம் 10.8 விழுக்காடு வளர்ச்சி.

வட்டங்கள் முழுமையாக மாறியதால் இது எளிதாயிற்று. மாவட்ட அளவில் மட்டுமே வெளியான 2001 அட்டவணைகளை இவ்வாறு பிரிக்க இயலாது. அங்கே திசையை மாற்றி, 2011இன் இரு மாவட்டங்களையும் இணைத்துப் பழைய கோலாருடன் ஒப்பிட வேண்டும். அப்போது இரு விழுக்காடுகளின் சராசரியைக் காண்பது பிழை. இடம்பெயர்ந்தோர் விகிதமாயின், இடம்பெயர்ந்தோரையும் மொத்த மக்களையும் தனித்தனியே கூட்டிய பின்னரே வகுத்தல் வேண்டும். இணைப்பதற்கும் ஒரு விலை உண்டு: இரு மாவட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோகும்.