கழுத்து நோவும் விரல் விறைப்பும்: தசைப்பிடிப்பா, நரம்பு அழுத்தமா?

கழுத்து நோ எந்த இடம்வரை இறங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். தசைப்பிடிப்பு என்றால் நோ பெரும்பாலும் கழுத்திலும் தோளிலும் நின்றுவிடும். அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும், ஆனால் விரல்கள் விறைக்காது.

கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தினால், மின்சாரம் பாய்வதுபோல நோ கைவழியே இறங்கும். எந்த நரம்பு என்பதை விறைக்கும் விரலை வைத்து ஓரளவு அறியலாம். பெருவிரல் என்றால் பொதுவாக ஆறாவது நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது, சின்னவிரல் என்றால் எட்டாவது.

ஏழாவது நரம்பு அழுத்தப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அண்ணாந்து நோவுள்ள பக்கம் திரும்பினால் நடுவிரலில் ஊசி குத்துவதுபோல இருக்கும். கையைத் தூக்கித் தலையில் வைத்தால் சற்றுக் குறையும். கதவைத் தள்ளும்போது முழங்கையை நீட்டப் பலம் போதாது.

பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளிலிருந்து மூன்று மாதங்களுக்குள், சத்திரசிகிச்சை இன்றியே இது தணிந்துவிடும். ஆனால் கையின் பலம் குறைந்துகொண்டே போனாலோ, இரு கைகளாலும் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, சலம் கட்டுப்படாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முள்ளந்தண்டு வடம் அழுத்தப்பட்டிருக்கலாம்.

உடலில் செல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கமுன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். துண்டு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். தேவையானால் எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். பழைய காயம் கழுத்திலோ தோளிலோ இருந்தால் அதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். விறைப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.