முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு முதல் மெயில்: ஆர்டர் கேட்க எப்படி எழுதணும்?

முன்பின் தெரியாத நிறுவனத்திடம் ஆர்டர் கேட்டு அனுப்பும் மெயில்களில் பெரும்பாலானவை, 'நாங்கள் 15 ஆண்டுகளாக இத்துறையில் முன்னணியில்...' என்றுதான் தொடங்குகின்றன. செல்போனில் மெயிலைத் திறக்கும் முன்பே தலைப்பும் முதல் வரியும் தெரிந்துவிடும். அதில் தன்னைப் பற்றி எதுவும் இல்லை என்றால், படிப்பவர் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

ஈரோட்டில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம், திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பொதுவான info@ முகவரியை விட, பர்ச்சேஸ் பிரிவில் பேக்கிங் பொருள் வாங்குபவர் யார் என்று போனில் கேட்டு, அவர் பெயருக்கே அனுப்புவது நல்லது. தலைப்பு: 'குழந்தைகள் ஆடைக்கான பெட்டி, 500 முதல்'. பதில் மெயில் போலக் காட்ட தலைப்பில் Re: சேர்க்கும் வேலை வேண்டாம். திறந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதல் வரி அவர்களைப் பற்றியது: 'குழந்தைகள் ஆடைக்குப் புதிய பிரிவு தொடங்கியிருப்பதை உங்கள் வெப்சைட்டில் பார்த்தோம்.' இதே வரியை வேறு நிறுவனத்துக்கும் அப்படியே அனுப்ப முடியும் என்றால், அது முதல் வரியே இல்லை.

அடுத்து, அவர்களுக்கு இருக்கக்கூடிய சிக்கல்: 'சின்ன ஆர்டருக்கு 500 பெட்டி போதும் என்றாலும், 2,000 எடுத்தால்தான் தருவோம் என்கிறார்களா? நாங்கள் 500 பெட்டியையும் ஐந்து வேலை நாளில் தருகிறோம்.' இங்கே ஒரே ஒரு விஷயம் போதும். பிரிண்டிங், டேப், பாலிபேக் என எல்லாத்தையும் அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. ஏற்கெனவே சப்ளை செய்த அனுபவம் இருந்தால், அதை ஒரு வரியில் சொல்லலாம். அந்த வாடிக்கையாளரின் பெயரைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

பலரும் கோட்டை விடுவது கடைசி வரியில்தான். 'தேவைப்பட்டால் தொடர்பு கொள்ளவும்' என்று முடித்தால், எப்போது, எதற்கு என்று யோசிக்கும் வேலை படிப்பவர் தலையில் விழும். அதற்குப் பதிலாக, 'நீங்கள் பயன்படுத்தும் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் அனுப்பினால், அதே அளவில் இரண்டு சாம்பிள் செய்து வியாழக்கிழமை கொண்டுவந்து தருகிறோம். சரியா?' என்று கேட்கலாம். இதற்கு மூன்று எண்களை டைப் செய்தாலே பதில் ஆகிவிடும். இதோடு 'நேரிலும் சந்திக்கலாமா, விலைப்பட்டியல் அனுப்பவா' என்று கூடுதல் கேள்விகளைச் சேர்த்தால், பதில் தள்ளிப்போகும்.

கீழே பெயர், செல்போன் எண், ஜிஎஸ்டி எண் இருந்தால் போதும். நிறுவனம் உண்மையானதா என்பதை ஜிஎஸ்டி தளத்தில் அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பெரிய கேட்டலாக்கை முதல் மெயிலில் இணைக்க வேண்டாம். தெரியாதவர் அனுப்பிய ஃபைலைத் திறக்கப் பலரும் தயங்குவார்கள்.

பதில் வரவில்லையா? நான்கைந்து வேலை நாள் கழித்து, அதே மெயிலுக்குக் கீழேயே சாம்பிள் பற்றி இரண்டு வரியில் மீண்டும் கேட்கலாம். மெயில் போய்ச் சேரவில்லை என்ற தகவல் உடனே வந்தால், முகவரியைத்தான் முதலில் சரிபார்க்கணும். 'எங்களுக்கு என்ன தரப்போறீங்க?' என்று பதில் வந்தால், சிக்கலைச் சொல்லும் வரி புரியவில்லை என்று பொருள். 'ரேட் என்ன?' என்று வந்தால், பெட்டி அளவைக் கேட்டு வாங்கிய பிறகே விலை சொல்லணும்.