யாருக்கு முன் இந்த முன்னுரிமை? – கலைக்கப்படும் நிறுவனத்தில் பங்குதாரர் நிற்கும் இடம்: ஒரு வரலாற்று ஆய்வு

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டித் தெற்கே போனால், கடற்கரையை ஒட்டி நாகார்ஜுனா எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைக்காக எடுக்கப்பட்ட நிலம் வரும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், கட்டுமானத்தில் இருந்த அந்த ஆலையைப் பெரிதும் சேதப்படுத்தியது. பணி மீண்டும் எழவில்லை. திவால் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்நிறுவனம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. மீட்புத் திட்டம் கைகூடாமல் கலைப்புக்கு உள்ளானது. பிறகு அந்த ஆலை ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் கைக்கு மாறியது.

இந்த ஆலையை நம்பி முதலிட்டோரில் ஒரு சாராரின் நிலை சற்று விசித்திரமானது. ஆலை நிறுவனத்தில் கணிசமான பங்கை வைத்திருந்த நாகார்ஜுனா ஆயில் ரிஃபைனரி என்ற தாய் நிறுவனமே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. அதன் பங்கை வாங்கியவர், ஆலையின் சொத்தில் நேரடி உரிமை பெற்றவர் அல்லர். ஆலையின் கடனெல்லாம் தீர்ந்து மிஞ்சுவது முதலில் தாய் நிறுவனத்துக்கு வரவேண்டும்; அங்குள்ள கடனும் தீர்ந்தபின் மிஞ்சினால்தான் அவருக்கு. வரிசையின் கடைசியில் ஒருமுறை நிற்பதே கடினம். இவர் அங்கே இரண்டுமுறை நின்றார்.

இந்த வரிசை எப்படி உருவானது, அதில் முன்னுரிமைப் பங்குதாரர் எங்கே நிற்கிறார், பள்ளிப் பாடநூல் ‘நேர்மைப் பங்கு’ என்றும் சந்தை ‘ஈக்விட்டி’ என்றும் சொல்லும் பங்கை வைத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காலவரிசையில் பின்தொடர்கிறது இக்கட்டுரை. முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்டதும் ‘எல்லோருக்கும் முன்’ என்று தோன்றுகிறது. சட்டத்தின் வரலாறோ, முன்னுரிமைப் பங்குதாரர் ஈக்விட்டி பங்குதாரர் ஒருவருக்கு மட்டுமே முன் என்கிறது. கடன்காரர்கள் எல்லோரும் எப்போதும் அவருக்கு முன்னால்தான்; தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருப்பது அவர்களுக்குள் உள்ள வரிசை.

ரயில் பாதையிலிருந்து தொடங்கிய பங்கு

முன்னுரிமைப் பங்கு பெருவழக்கானது 1840-களின் இங்கிலாந்து ரயில் நிறுவனங்களில். அந்த நிறுவனங்கள் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு, பங்கு மூலதனத்தில் ஒரு பகுதிக்கு மேல் கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருந்தது. பாதை பாதியில் நிற்கிறது, கடன் வாங்க வழியில்லை, சாதாரணப் பங்கை வாங்க ஆளில்லை. அப்போது, ‘உங்களுக்கு இத்தனை சதவீதம் முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு’ என்ற வாக்குறுதியோடு புதிய பங்கு வெளியிடப்பட்டது. கடனைப் போல நடந்துகொள்ள வேண்டிய மூலதனமாகவே அது பிறந்தது. அந்த இரட்டை இயல்பு இன்றுவரை அதை விடவில்லை.

முதல் கேள்வியே பங்காதாயம் பற்றியது. லாபமில்லாத ஆண்டில் கொடுக்காமல் விட்ட பங்காதாயம் அடுத்த ஆண்டு லாபத்தில் சேர்ந்து வருமா, போனது போனதுதானா? கிரேட் நார்தர்ன் ரயில்வே வழக்கில் 1857-ல் நீதிமன்றம், வேறு சொல்லப்படாதவரை நிலுவை குவியும் என்றது. குவியும் முன்னுரிமைப் பங்கு, குவியாத முன்னுரிமைப் பங்கு என்று நாம் இன்று பிரித்துப் பேசுவதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்த கேள்வி நிறுவனம் மூடப்படும்போது எழுந்தது. பிரிட்ஜ்வாட்டர் கப்பல்வழி நிறுவனம் தன் தொழிலை மான்செஸ்டர் கப்பல் கால்வாய் நிறுவனத்துக்கு விற்றது. கடனும் தீர்ந்தது, எல்லோர் மூலதனமும் திரும்பியது. அதன் பிறகும் பெருந்தொகை மிஞ்சியது. அது யாருடையது? 1889-ல் பிரபுக்கள் சபை, பங்கு ஆவணம் வேறுவிதமாகச் சொல்லாததால் முன்னுரிமைப் பங்குதாரருக்கும் உபரியில் பங்குண்டு என்றது. அறுபது ஆண்டு கழித்து, 1949-ல், ஸ்காட்லாந்து நிலக்கரி நிறுவனம் ஒன்றின் வழக்கில் அதே சபை எதிர்த்திசையில் சாய்ந்தது: ஆவணத்தில் முன்னுரிமை எவ்வளவு என்று எழுதியிருந்தால் அதுவே அவருடைய முழு உரிமை, அதற்கு மேலுள்ள உபரி ஈக்விட்டிக்கே. இரண்டு தீர்ப்புகளும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: முதலில் பார்க்கவேண்டியது பங்கை வெளியிட்டபோது எழுதிய வாசகம். நம் ஊர் முதலீட்டாளர் அரிதாகவே படிக்கும் பக்கம் அது.

இந்தியச் சட்டத்தில் சுருங்கிய ஆயுள்

குறித்த காலத்தில் பணத்தைத் திருப்பித்தரும் முன்னுரிமைப் பங்கை வெளியிட 1913 நிறுவனச் சட்டத்தில் 1936-ல் செய்த திருத்தம் வழிவிட்டது. 1956 சட்டம் பங்கு மூலதனத்தை ஈக்விட்டி, முன்னுரிமை என்ற இரண்டு வகைக்குள் அடக்கியது. பங்காதாயம், மூலதனத் திருப்பம் ஆகிய இரண்டிலும் முன்னுரிமை இருந்தால்தான் அது முன்னுரிமைப் பங்கு என்று வரையறுத்தது. அதற்கு ஈடாக வாக்குரிமையைக் குறைத்தது; பங்காதாயம் தொடர்ந்து நிலுவையானால் மட்டும் முழு வாக்குரிமை. இன்றைய 2013 சட்டத்திலும் இரண்டு ஆண்டு பங்காதாயம் வராவிட்டால் எல்லாத் தீர்மானங்களிலும் அவர் வாக்களிக்கலாம்.

1988-ல் வந்த திருத்தம் இந்தப் பங்கின் ஆயுளைக் கட்டியது. திருப்பித் தராத முன்னுரிமைப் பங்கை இனி வெளியிடக் கூடாது. பத்தாண்டுக்குள் மீட்க வேண்டும் என்றது. பின்னர் அது இருபதாண்டானது. கேட்க நல்ல பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் மீட்பதற்கான பணம் பங்காதாயத்துக்குரிய லாபத்திலிருந்தோ, அதற்கென வெளியிடும் புதுப் பங்கின் தொகையிலிருந்தோ மட்டுமே வரவேண்டும். நொடித்துப்போன ஆலையில் லாபமும் இல்லை, புதுப் பங்கை வாங்குபவரும் இல்லை. நாள் வந்தும் பணம் வராத நிலை அங்கே உருவாகிறது. அப்போதும் பங்குதாரர் கடன் கொடுத்தவர் ஆகிவிடுவதில்லை.

வரிசையின் முன்பகுதி மாறியதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்குண்டு. கோவை நிறுவனம் ஒன்றைக் கலைக்கும் மனுவில் தொழிலாளர் தரப்பைக் கேட்கவேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் தொடுத்த அந்த வழக்கில், கேட்கத்தான் வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1982 டிசம்பரில் கூறினர். 1985-ல் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளரின் பாக்கி பிணை பெற்ற வங்கிக் கடனோடு சமமாக நிறுத்தப்பட்டது. முன்னுரிமைப் பங்குதாரர் இழந்தது இங்கே என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. இந்த ஏற்பாட்டில் இடித்து உட்காரவேண்டி வந்தது வங்கிதான். பங்குதாரர் இருந்த இடம் முன்பும் கடன்காரர்கள் எல்லோருக்கும் பின்னால்தான்.

இன்று திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு அந்த வரிசையை எழுத்தில் வைத்திருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும், பிணையைக் கலைப்பாளரிடம் விட்டுக்கொடுத்த கடனீந்தோரும் சமமாக. பிறகு மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம், பிணையில்லா நிதிக்கடன், அரசுப் பாக்கி, மீதமுள்ள கடன்கள். ஏழாவதாக முன்னுரிமைப் பங்குதாரர். எட்டாவதாக, கடைசியில், ஈக்விட்டி. வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. அவை நிறுவனத்தின் சொத்தாகவே கருதப்படுவதில்லை.

ஒரு கணக்கு

சிப்காட்டில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஈக்விட்டி மூலதனம் 10 கோடி. 10 சதவீதக் குவியும் முன்னுரிமைப் பங்கு 5 கோடி. மூன்று ஆண்டு லாபமில்லை. நான்காம் ஆண்டு பகிரத்தக்க லாபம் 2.40 கோடி. ஆண்டுக்கு 50 லட்சமாக நிலுவை 1.50 கோடி, நடப்பாண்டு 50 லட்சம். ஆக 2 கோடி முன்னுரிமைக்குப் போகும். ஈக்விட்டிக்கு மிஞ்சுவது 40 லட்சம், அதாவது 4 சதவீதம். அதே பங்கு குவியாத வகையாக இருந்தால் முன்னுரிமைக்கு 50 லட்சம், ஈக்விட்டிக்கு 1.90 கோடி வரை கிடைத்திருக்கும். இரண்டிலும் இயக்குநர் குழு பரிந்துரைத்துப் பங்குதாரர் கூட்டம் ஏற்றால்தான் பங்காதாயம் பிறக்கிறது. முழு லாபத்தையும் தொழிலில் வைத்துக்கொண்டால் முன்னுரிமைக்காரரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது அந்த ஆலை மூடப்படுகிறது, மீண்டும் 1.50 கோடி பங்காதாயம் நிலுவையில் இருக்கிறது. செலவு 2 கோடி, தொழிலாளரும் வங்கியும் சேர்ந்து 33 கோடி, ஊழியர் 1 கோடி, பிணையில்லாக் கடன் 2 கோடி, அரசுப் பாக்கி 1 கோடி, சரக்கு கொடுத்தவர்கள் 2 கோடி என்போம். மொத்தம் 41 கோடி. விற்பனையில் 38 கோடி வந்தால் பிணையில்லாக் கடனோடு பணம் தீர்ந்துவிடும். அரசுக்கும் சரக்கு கொடுத்தவருக்கும்கூட ஒன்றுமில்லை. 45 கோடி வந்தால் மீதி 4 கோடி, முன்னுரிமைக்கு ரூபாய்க்கு 80 காசு, ஈக்விட்டிக்குப் பூஜ்யம். 50 கோடி வந்தால் 5 கோடி முன்னுரிமைக்கு முழுதாக, 4 கோடி ஈக்விட்டிக்கு, அதாவது ரூபாய்க்கு 40 காசு. நிலுவைப் பங்காதாயத்தையும் கலைப்பில் தரவேண்டும் என்று நிறுவன விதிகளில் எழுதியிருந்தால் அந்த 40 காசு 25 காசாகும். எழுதாமல் விட்டிருந்தால், அறிவிக்கப்படாத பங்காதாயத்தைக் கலைப்பில் கேட்பது கடினம்.

ஆகவே விற்பனை விலையில் சில கோடி ஏறுவதும் இறங்குவதும்தான் இந்த இருவரின் விதி. அந்த விலையைப் பற்றித் தொழிற்பேட்டைக்காரர்கள் அறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சிப்காட் மனை விற்பனைப் பத்திரத்தில் வந்தது அன்று; நீண்டகாலக் குத்தகை. கலைப்பாளர் ஏலம் விடுவது மீதமுள்ள குத்தகை உரிமையை. பெயர் மாற்றத்துக்கு சிப்காட்டின் இசைவும் அதற்குரிய கட்டணமும் தேவை. இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தைப் பார்த்து, ‘நிலம் இருக்கிறது, பணம் எங்கே போகும்’ என்று தேறுதல் கொள்ளும் பங்குதாரர், அந்த நிலம் எந்த வகை உரிமை என்பதைக் குறிப்புரையில் பார்க்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் நின்றுபோன கொதிகலனும் குழாயும் மாதக்கணக்கில் துருப்பிடிப்பதும் இதே விலையில்தான் கழிகிறது.

கடனாகப் பிறந்து பங்காக மாறியவர்

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இ.பி.சி. கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ், மேட்டிக்ஸ் உர நிறுவனம் ஆகியவற்றுக்கு இடையிலான வழக்கில் கூறியது, இந்த நீண்ட கதையின் மிக அண்மைய திருப்பம். ஒப்பந்த வேலைக்காக வரவேண்டிய பாக்கியில் 250 கோடி ரூபாய், 8 சதவீதக் குவியும் மீட்புக்குரிய முன்னுரிமைப் பங்காக மாற்றப்பட்டிருந்தது. மீட்கவேண்டிய காலம் வந்தும் பணம் வராததால், இ.பி.சி. தரப்பு தான் நிதிக்கடன் கொடுத்தவர் என்ற முறையில் திவால் மனு போட முயன்றது. முன்னுரிமைப் பங்குக்குச் செலுத்திய தொகை மூலதனம், கடன் அன்று என்றது நீதிமன்றம். லாபத்திலிருந்தோ புதுப் பங்கிலிருந்தோ மட்டுமே மீட்கமுடியும் என்று சட்டமே சொல்லும்போது, மீட்காமல் விட்டது கடன் தவறலாக ஆகாது. கணக்கேடுகளில் அதைக் கடன்போலக் காட்டியிருந்தாலும் அதன் சட்ட இயல்பு மாறாது.

நம் கணக்கில் இதைப் பொருத்திப் பார்த்தால் வலி தெரியும். சிப்காட் ஆலைக்குச் சரக்கு கொடுத்த ஒருவர், நிறுவனம் தள்ளாடும்போது 1 கோடி பாக்கிக்குப் பதில் 1 கோடி முன்னுரிமைப் பங்கை ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 41 கோடிக்கு ஆலை விற்றால், பாக்கியை அப்படியே விட்டு அவருடன் வரிசையில் நின்ற மற்ற சரக்குக்காரர்கள் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் கணக்கு தீர்ந்தபின் அவருக்கென மிஞ்சுவது, தன் பாக்கி அங்கே இல்லாமல்போனதால் விடுபட்ட அந்த 1 கோடி. அதையும் அவர் மற்ற முன்னுரிமைப் பங்குதாரர்களோடு, இப்போது 6 கோடியாகிவிட்ட முன்னுரிமை மூலதனத்தின் விகிதத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர் கைக்கு வருவது ஏறத்தாழ 16 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய்.