செல்லப்பிராணி மருந்து லேபிள் மொழிபெயர்ப்பு

நாய், பூனை மருந்துகளின் லேபிளைப் படமெடுத்து, அதிலுள்ள எடைவழி அளவையும் எச்சரிக்கையையும் வேறு மொழியில் எழுதித் தருவது. இதில் ஆபத்தான பிழைகள் எண்ணை ஒட்டி நிற்கும் அலகில் நேர்கின்றன. அவற்றுள் தலையாயது பவுண்டு.

ஐரோப்பாவில் ஒருகாலத்தில் ஊருக்கொரு பவுண்டு இருந்தது. ஜெர்மானியச் சுங்க ஒன்றியம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை 500 கிராமாக நிறுத்தியது. ஜெர்மனியின் கடைத்தெருவில் அரைக்கிலோவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஆங்கிலேயப் பவுண்டும் அமெரிக்கப் பவுண்டும் 1959 வரை மயிரிழை வேறுபட்டிருந்தன. அந்த ஆண்டின் உடன்படிக்கை இரண்டையும் 0.45359237 கிலோ என்று ஒன்றாக்கியது. அமெரிக்க விலங்கு மருந்துகள் இன்னும் இந்தக் கணக்கை விடவில்லை.

நாயின் மூட்டுவலிக்கு வாய்வழி கொடுக்கும் மெலாக்சிகாமை எடுத்துக்கொள்ளலாம். 1 மி.லி.யில் 1.5 மி.கி. மருந்து இருக்கும். அமெரிக்க லேபிள், முதல் நாள் பவுண்டுக்கு 0.09 மி.கி., பிறகு தினமும் 0.045 மி.கி. என்கிறது, பக்கத்திலேயே அடைப்புக்குள் கிலோவுக்கு 0.2, 0.1 என்று இருக்கும். 12 கிலோ நாய்க்கு முதல் நாள் 2.4 மி.கி., அதாவது 1.6 மி.லி.; மறுநாளிலிருந்து 0.8 மி.லி. எடையை 26.4 பவுண்டாக மாற்றிவிட்டு, அடைப்புக்குள் இருக்கும் கிலோ அளவால் பெருக்கியவருக்குத் தினமும் 1.76 மி.லி. வரும். இருமடங்குக்கு மேல் போகும் இந்த அளவு இரைப்பைப் புண்ணிலும் சிறுநீரகக் கேட்டிலும் முடியலாம். கிலோ வழியிலும் பவுண்டு வழியிலும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்தால் பிழை பிடிபடும்; இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். கூடவே வரும் சிரிஞ்சின் கோடுகள் உடல் எடையைக் குறிப்பவை, மி.லி.யை அல்ல. அவையும் தினசரி அளவுக்கே பொருந்தும். முதல் நாள் அதைப்போல் இரண்டு பங்கு.

ஜெர்மன் லேபிளில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி நிற்கும். வளைந்த புட்டியில் ஒளி பட்டு அது மறைந்தால் 1,5 என்பது 15 ஆகிவிடும். அட்டைப்பெட்டியில் அதே எண் மறுபடி அச்சாகியிருக்கும் என்பதால் அதையும் படமெடுத்து ஒப்பிடுவது வழக்கம்.

எச்சரிக்கைகளில் பூனை பற்றியது முதல் வரியாக வர வேண்டும். பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாவு நேரலாம் என்று அமெரிக்க லேபிள் கட்டமிட்டுச் சொல்கிறது. ஐரோப்பாவில் பூனைக்கென்றே 1 மி.லி.யில் 0.5 மி.கி. செறிவுள்ள புட்டி தனியாக விற்கிறது. ஆனாலும் நாய்ப் புட்டியின் படத்தை மொழிபெயர்ப்பவர் அந்த அளவை இதில் சேர்க்கக் கூடாது. பிற வலிநிவாரணிகளோடும் ஸ்டீராய்டுகளோடும் சேர்த்துக் கொடுக்கலாகாது என்ற வரியும் விடுபடக் கூடாதது.