2045க்குப் பிறகும் கொழுந்து பறிக்கும் கணக்கு: ஒரு தோட்டத்தின் பெறுமதி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

உடப்புசல்லாவையின் பெரிய தேயிலைத் தோட்டங்களும், மலையகத்தின் ஏனைய பெருந்தோட்டங்களைப் போலவே, 1992இல் அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. நிலம் விற்கப்படவில்லை, குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. அந்தக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. அப்படியானால், இன்று ஒரு தோட்டக் கம்பனியின் பெறுமதி இத்தனை கோடி என்று ஒருவர் சொல்லும்போது, அதில் எத்தனை கோடி 2045க்குப் பிறகு வரும் பணம்?

இந்தக் கேள்வி பங்கு வாங்குபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. குத்தகையை நீடிப்பதா, எந்த விலைக்கு, லயன்களில் வாழும் குடும்பங்களுக்குக் காணி பிரித்துக் கொடுத்தால் கம்பனிக்கு எவ்வளவு நட்டம் என்ற வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இப்படியொரு எண் இருக்கும். அந்த எண்ணைச் செய்யும் வழக்கமான முறைக்குக் கழிவிடப்பட்ட காசுப்பாய்ச்சல் முறை என்று பெயர்.

முறை எளிது. சீட்டுப் பிடித்தவர்களுக்குத் தெரியும், இன்று கையில் கிடைக்கும் பணமும் ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும் பணமும் ஒன்றல்ல. அதனால் வருங்காலத்தில் வரும் ஒவ்வொரு தொகையையும் ஒரு வீதத்தில் குறைத்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தோட்டத்தை எடுப்போம். தேயிலை விற்ற பணத்திலிருந்து சம்பளம், உரம், தொழிற்சாலைச் செலவு, வரி, மீள்நடுகை எல்லாம் போக, 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 10 கோடி ரூபா மிஞ்சுகிறது. கழிவு வீதம் 14. முதல் ஆண்டின் 10 கோடியை 1.14ஆல் வகுத்தால் 8.8 கோடி. ஐந்தாம் ஆண்டின் 10 கோடியை அப்படி ஐந்து முறை வகுத்தால் 5.2 கோடிதான். ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் ஏறக்குறைய 34 கோடி.

2030க்குப் பிறகு? ஒவ்வொரு ஆண்டாக எதிர்வுகூற முடியாது என்பதால், அதற்கப்பால் வரும் அனைத்தையும் ஒரே தொகையாக மடக்கிவிடுகிறார்கள். இதுதான் இறுதிப் பெறுமதி. அடுத்த ஆண்டுக் காசை, கழிவு வீதத்திலிருந்து வளர்ச்சி வீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வளர்ச்சி 5 வீதம் என்றால், 10.5 கோடியை 0.09ஆல் வகுக்க 116.7 கோடி. அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் 61 கோடி. மொத்தம் 95 கோடி. ஆக, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாரும் விபரமாகக் கணக்கிடாத காலத்திலிருந்து வருகிறது.

கைவைக்கவும் இதுதான் வசதியான இடம். வளர்ச்சியை 5இலிருந்து 7 ஆக்கினால் மொத்தம் 114 கோடி. கூடவே கழிவு வீதத்தை 14இலிருந்து 12 ஆக்கினால் 157 கோடி. தோட்டத்தில் ஒரு கிலோ கொழுந்துகூட அதிகம் பறிக்கப்படவில்லை. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் 9 வீதத்திலிருந்து 5 வீதமாகச் சுருங்கியது, அவ்வளவுதான். சிறிய எண்ணால் வகுத்தால் விடை வீங்கும்.

ஆனால் அந்தச் சூத்திரம் காசு என்றென்றைக்கும் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. குத்தகை 2045இல் முடிந்து புதுப்பிக்கப்படவில்லை என்றால், 2031 முதல் 2045 வரையான 15 ஆண்டுகளை மட்டும்தான் எண்ணலாம். அதே 14 வீதமும் அதே 5 வீதமும் வைத்தால் இப்போது மொத்தம் 77 கோடி. வித்தியாசமான 18 கோடி, குத்தகை நிச்சயம் நீடிக்கப்படும், அதுவும் இதே நிபந்தனைகளில் என்ற நம்பிக்கையின் விலை. அந்த நம்பிக்கை அறிக்கையில் ஒரு வரியாகவாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால், கையில் இல்லாத உரிமை சொத்தாக எண்ணப்பட்டிருக்கிறது என்பேன்.

இன்னொரு இடமும் உண்டு. முதுமையடைந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கி மீள நடுவதற்குப் பெரும் செலவு, புதுச்செடி பலன் தரவும் சில ஆண்டுகள் எடுக்கும். கடைசி ஆண்டில் மீள்நடுகையைத் தள்ளிப்போட்டால் அந்த ஆண்டின் காசு அழகாகத் தெரியும், பின்னர் அந்த அழகே என்றென்றைக்கும் பெருக்கப்படும். நம் தோட்டத்தின் 10 கோடியில் 2 கோடி அப்படி மிச்சம் பிடித்ததாக இருந்தால், உண்மையில் எண்ண வேண்டிய தொகை 8 கோடிதான். அப்போது 95 கோடி 83 கோடியாகும். செடியை மாற்றாமல் 5 வீதம் வளரும் தோட்டம் எங்கும் இல்லை. விலைவாசி சேர்ந்த வளர்ச்சி என்று விளக்கம் சொன்னால், சம்பளமும் அதே விலைவாசியோடு உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகி, பின்னர் அதற்கு மேலும் போனது. தேயிலை விலையை ஏற்றி, சம்பளத்தை மட்டும் நிலையாக வைத்த கணக்கு எதையும் நிரூபிக்காது.

வரும் தொகையிலிருந்து வங்கிக் கடனையும், தொழிலாளருக்குச் சேர்ந்துள்ள பணிக்கொடைப் பொறுப்பையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பங்குதாரருக்குரியது.

இப்படியொரு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், முதலில் பின்பக்க அட்டவணைக்குப் போய் இறுதிப் பெறுமதி மொத்தத்தில் எத்தனை வீதம் என்று பாருங்கள். பிறகு 2045ஐத் தேடுங்கள். கழிவு வீதமும் வளர்ச்சியும் ஒவ்வொரு வீதம் மாறினால் விடை என்ன என்ற சிறு அட்டவணை அங்கே இல்லாவிட்டால், அதைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையாகச் செய்தவரிடம் அது ஏற்கெனவே இருக்கும்.