நான்கு காரணங்கள்

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ‘இயற்பியல்’ என்னும் நூலின் இரண்டாம் புத்தகத்தில் வகுத்த விளக்கமுறை. ‘ஐத்தியா’ என்ற கிரேக்கச் சொல்லைக் ‘காரணம்’ என்கிறோம். ஆனால் ஒரு விளைவை உண்டாக்கியதை மட்டும் அது குறிப்பதில்லை, ‘ஏன்?’ என்ற கேள்விக்குப் பொருந்தும் எந்த விடையும் ஐத்தியாதான். இதை மறந்தால் கோட்பாடே புரியாது.

வெண்கலச் சிலைக்கு வெண்கலம் பொருட்காரணம்; அது ஏற்ற உருவம் வடிவக் காரணம். செய்காரணம் எது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சிற்பி பொலிக்கிளெய்டோஸ் சிலையைச் செய்தார் என்பது சரியே. ஆனால் சிற்பியின் பெயர் பொலிக்கிளெய்டோஸ் என்பது தற்செயல். சிலையை உண்டாக்குவது அவரிடமுள்ள சிற்பக்கலை என்கிறார் அரிஸ்டாட்டில்.

நான்காவதான நோக்கக் காரணத்தை வீடு தெளிவாக்குகிறது. கனமான கல் இயல்பாகவே அடியில் தங்கியது, மண் அதன்மேல் நின்றது, லேசான மரம் உச்சிக்குப் போனது, அதனால் சுவர் உண்டானது என்று ஒருவர் சொல்லலாம். இவை இல்லாமல் சுவர் இல்லை என்பதை அரிஸ்டாட்டில் ஏற்கிறார். ஆயினும் சுவர் எழுந்தது உடைமைகளை மறைத்துக் காப்பதற்காக. கல்லும் மரமும் தேவைப்படுவது, வீடு வேண்டும் என்றால் மட்டுமே. கல் கிடப்பதனாலேயே வீடு எழுந்துவிடாது.

இயற்கைப் பொருள்களில் வடிவம், செய்காரணம், நோக்கம் மூன்றும் பெரும்பாலும் ஒன்றுபடும்: மனிதனைப் பிறப்பிப்பவன் மனிதனே.